கணக்கில் ஏறாத இளநீர்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற பஸ் முத்தையாபுரத்தைத் தாண்டும்போது ஜன்னல் வழியே ஒரு வாடை ஏறும். சேறும் உப்புத் தண்ணீரும் வெயிலில் காய்கிற வாடை. உள்ளூர்க்காரர்களின் மூக்குக்கு அது எப்போதோ பழகிவிட்டது. வெளியூர் ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக வேலை பார்த்து, ஓய்வு பெற்று, ஊரோடு வந்துவிட்ட அந்த அம்மாளுக்கு மட்டும் இன்னும் பழகவில்லை. உப்பள வாடை வந்ததும் அவருக்கு ஒரு ஆண்கள் வார்டும், அதில் ஜன்னலோரக் கட்டிலும், கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய ஒரு அட்டையும் நினைவுக்கு வந்துவிடும்.

அட்டையில் இருந்தது ஐ.ஓ. சார்ட். நோயாளியின் உடம்புக்குள் எவ்வளவு நீர் போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று எழுதுகிற தாள். இன்றைக்கு அச்சடித்து வருகிறது. அவள் மாணவியாக இருந்த காலத்தில் வெள்ளைத்தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட வேண்டும். பகலில் நீல மை, இரவில் சிவப்பு மை. வார்டு போஸ்டிங்கில் ஒரு மாணவிக்கு மூன்று நான்கு கட்டில் ஒப்படைப்பார்கள். அந்தக் கட்டில்களின் சார்ட்டுக்கு அவள்தான் பொறுப்பு. காலை எட்டு மணிக்கு இருபத்து நாலு மணி நேரக் கூட்டல் தயாராக இருக்க வேண்டும். ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் முதலில் பார்ப்பது நோயாளியின் முகத்தை, அடுத்தது அந்தக் கூட்டலை.

வார்டு சிஸ்டர் நாசரேத் பக்கத்துக்காரர், கண்டிப்பானவர். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த முதல் வேலை ஊசி போடுவதல்ல, டம்ளர் அளப்பது. வார்டில் புழங்கிய எவர்சில்வர் டம்ளரை விளிம்பு வரை நிரப்பி அளவு ஜாடியில் ஊற்றச் சொன்னார். 180 மில்லி வந்தது. "யாரு விளிம்பு வரைக்கும் ஊத்திக் குடிப்பா? கழுத்து வரைக்கும் ஊத்திப் பாரு" என்றார். 150. டீக்கடையிலிருந்து வருகிற கண்ணாடி கிளாஸ் நூறுக்கும் கீழே. வீட்டிலிருந்து கொண்டுவரும் செம்பு ஆளுக்கொரு அளவு. "ஒரு டம்ளர் குடிச்சார்" என்று எழுதினால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார். எந்த டம்ளர், எவ்வளவு மிச்சம் வைத்தார் என்று கேட்டு, மில்லியில் எழுத வேண்டும். கஞ்சி, பால், மோர், ரசம் கணக்கில் உண்டு. இட்லிக்கும் சோற்றுக்கும் கணக்கில்லை.

ட்ரிப்ஸில் வேறொரு கண்ணி இருந்தது. பாட்டிலை மாட்டியதுமே 500 என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். மாட்டிய பாட்டில் ஏறிய பாட்டில் ஆகிவிடாது. கை மடங்கினால் நிற்கும், ஊசி நகர்ந்தால் நிற்கும், நோயாளி கக்கூஸுக்குப் போய்வந்தால் அரை மணி நேரம் நிற்கும். 500 மில்லியை நாலு மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமென்றால், இருபது சொட்டு ஒரு மில்லியாகிற செட்டில் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு விழ வேண்டும். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவாள். ஷிஃப்ட் முடியும்போது பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, ஏறியதை மட்டும் தன் கணக்கில் எழுதி, மிச்சத்தை அடுத்தவளிடம் ஒப்படைப்பாள். ஆன்டிபயாடிக்கைக் கலந்து ஏற்றும் நூறு மில்லி பாட்டில்களைப் பலர் மருந்து என்றே நினைத்து விட்டுவிடுவார்கள். அதுவும் தண்ணீர்தான்.

வெளியே வருவதை அளப்பது இன்னும் கஷ்டம். யூரின் பையில் கோடுகள் உண்டு, ஆனால் பை உப்பினால் கோடு பொய் சொல்லும். எனாமல் ஜாடியில் வடித்து, மேசையில் வைத்து, குனிந்து கண்ணுக்கு நேராகப் பார்க்க வேண்டும். பேதி தண்ணீராகப் போனால் பெட்பேனிலிருந்து அதையும் ஜாடியில் ஊற்ற வேண்டும். துப்புரவுப் பணியாளர் அம்மா ஒருவர் இதற்குத் துணை. அவளைவிட அவருக்குத்தான் அளவு நன்றாகத் தெரியும், "இருநூத்தம்பது இருக்கும், பாத்துக்கோ" என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். நடக்கிற நோயாளி கக்கூஸுக்குப் போய்விட்டு வந்தால் போனது போனதுதான். அப்போது மனதுக்குத் தோன்றிய ஒரு எண்ணைப் போடக் கூடாது, 'இரண்டு முறை, அளக்கவில்லை' என்றே எழுத வேண்டும் என்பது வார்டு சிஸ்டரின் உத்தரவு. ஊகத்தை எண்ணாக எழுதினால் அடுத்து வருகிறவர் அதை அளந்த எண் என்று நம்பிவிடுவார்.

ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்தவர் உப்பளத் தொழிலாளி. ஐம்பது வயதைத் தாண்டியவர். கோடைக் கடைசி. இரண்டு நாளாக வாந்தியும் பேதியும், அதோடு முதல் நாள் அளத்துக்கு வேலைக்கும் போயிருக்கிறார். கண் குழிந்து, நாக்கு வறண்டு, நாடி 120 அடித்தது. ரத்த அழுத்தம் 90க்கு 60. தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் படிந்தது. எடை 52 கிலோ. வழக்கமான எடை என்ன என்று கேட்டபோது அவர் மனைவி, அவருடைய சட்டைப் பையிலிருந்த ஒரு சின்ன அட்டையை எடுத்து நீட்டினார். ரயில்வே ஸ்டேஷனில் கலர் விளக்கு சுற்றுகிற மெஷினில் காசு போட்டால் எடையும் ஜோசியமும் அச்சாகி விழுமே, அந்த அட்டை. போன மாதம் எடுத்தது. 55 கிலோ. 'விரைவில் பண வரவு உண்டு' என்றும் இருந்தது. பண வரவைப் பற்றித் தெரியாது, அந்த 55 வார்டில் பெரிய உதவி செய்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே மனிதர் சுமார் மூன்று லிட்டர் குறைவாக வந்திருக்கிறார்.

ரிங்கர் லாக்டேட் இரண்டு பாட்டில் வேகமாக ஏறியது. குழாய் போட்டுச் சிறுநீரை மணிக்கு மணி அளக்கச் சொன்னார்கள். பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லியாவது வர வேண்டும், இவருக்கு 26. முதல் ஆறு மணி நேரத்தில் மொத்தமே 60 மில்லி வந்தது, தேயிலைச் சாயம் போன்ற நிறத்தில். மறுநாள் காலைக் கூட்டலில் உள்ளே போனது 4,200. வெளியே வந்தது சிறுநீர், பேதி, வாந்தி எல்லாம் சேர்த்து 1,750. கூடுதல் 2,450.

இங்கேதான் சார்ட்டில் கட்டமே இல்லாத ஒரு செலவு வருகிறது. மூச்சிலும் தோலிலும் யாரும் பார்க்காமல் போகிற நீர். சாதாரணமாகப் படுத்திருக்கிறவருக்கு நாளுக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை, காய்ச்சல் இருந்தாலும் வெக்கை இருந்தாலும் இன்னும் அதிகம். மின்விசிறி சூட்டுக் காற்றைச் சுற்றிவிடுகிற வார்டில், லேசான காய்ச்சலோடு கிடந்த அவருக்கு டாக்டர் 800 என்று வைத்தார். அப்படியானால் உண்மையில் உடம்பில் தங்கியது சுமார் 1,650. எடை மெஷினில் நிற்க வைத்தார்கள். 53.6. கணக்கும் மெஷினும் ஒன்று சொன்னதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தத் தொழிலாளிக்கு இந்த வித்தை புதிதாகப் படவில்லை. கொஞ்சம் தெம்பு வந்ததும், எதற்குத் தினமும் எடை பார்க்கிறார்கள் என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாமல் போகிற தண்ணீரைப் பற்றிச் சொன்னாள். "இது அளத்துக் கணக்குல்லா தாயி" என்றார். "பாத்திக்கு எவ்வளவு தண்ணி விட்டோம்னு தெரியும். வெயிலு குடிச்சது எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? டிகிரி மானியைப் போட்டுத்தான பாக்கணும்." தூத்துக்குடியில் பெரும்பாலும் கிணற்றிலிருந்து இறைத்த உப்பு நீரைத்தான் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் காய விடுவார்கள். மிதவை மானியில் போமே அளவு 25 டிகிரியைத் தொட்டால் உப்பு விளையத் தொடங்கும். ஆவியாகப் போனதை அளக்க முடியாது, மிஞ்சியிருப்பதை மானி காட்டிவிடும். வார்டில் எடை மெஷினுக்கும் அதே வேலை. இதைவிடத் தெளிவாக அவளுக்கு எந்த டியூட்டரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இரண்டாம் நாள் பேதி அடங்கிவிட்டது. ஆனால் முதல் நாள் எழுதிய ட்ரிப்ஸ் ஆர்டர் யாரும் மாற்றாமல் அப்படியே ஓடியது. காலையில் கூட்டினாள். உள்ளே 3,400. வெளியே சிறுநீர் 500, பேதி 300, ஆக 800. கூடுதல் 2,600. காணாமல் போகும் 800ஐக் கழித்தால் 1,800 தங்கியிருக்க வேண்டும். எடை 55.4 காட்ட வேண்டும். மெஷின் 56.2 காட்டியது.

அவள் மறுபடி கூட்டினாள். கூட்டல் சரி. மெஷினின் குண்டை நகர்த்திப் பார்த்தாள். முதல் நாள் போலவே அதே நேரம், அதே லுங்கி, பையை வடித்த பிறகு நிற்க வைத்த எடைதான். அப்படியும் 800 மில்லி எங்கிருந்தோ வந்திருக்கிறது. வார்டு சிஸ்டர் சார்ட்டைப் பார்த்தார், பிறகு குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அங்கே மூன்று இளநீர்க் கூடு.

"அவிய ராத்திரி நாக்கு வறளுதுன்னாவ சிஸ்டர். மக வாங்கிட்டு வந்தா. எளநிதான, உடம்புக்கு நல்லதுன்னு குடுத்தேன்" என்றார் மனைவி. மருந்தையும் ட்ரிப்ஸையும் மட்டும்தான் சிஸ்டர்கள் எழுதுவார்கள் என்று நினைத்திருந்தார். அவரிடம் யாரும் வேறு மாதிரி சொல்லியிருக்கவில்லை. ஒரு இளநீர் கால் லிட்டர் என்று வைத்தாலும் மூன்றுக்கு 750. கணக்கு நேராகிவிட்டது.

கணக்கு நேரானதும் நிலைமை மோசம் என்று தெரிந்தது. மூன்று லிட்டர் குறைவாக வந்தவர் இப்போது வழக்கமான எடையைவிட ஒரு கிலோவுக்கு மேல் கூடுதலாக இருக்கிறார். கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி நின்றது. மல்லாந்து படுத்தால் இருமல். டாக்டர் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தபோது அடிப்பகுதியில் நுரையீரல் நெறுநெறுத்தது. இவ்வளவு நீர் உள்ளே இருந்தும் சிறுநீர் மணிக்கு 21 மில்லியைத் தாண்டவில்லை. நீர் போதாமல் சிறுநீர் குறைந்திருந்தால், நீர் ஏற்றியதும் ஊறியிருக்க வேண்டும். ஊறவில்லையென்றால் சிறுநீரகமே அடி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். முதல் நாள் ட்ரிப்ஸ் போடச் சொன்ன அதே குறைந்த சிறுநீர், இரண்டாம் நாள் ட்ரிப்ஸை நிறுத்தச் சொல்கிறது. ஒரு கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு "யூரின் குறைவு, இன்னும் ஒரு பாட்டில்" என்று போயிருந்தால் அவர் அன்று மாலைக்குள் மூச்சுத் திணறியிருப்பார்.

இளநீரில் இன்னொரு வம்பும் இருந்தது. அதில் பொட்டாசியம் அதிகம். நன்றாக வேலை செய்கிற சிறுநீரகம் கூடுதல் பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். அடி வாங்கியது வெளியேற்றாது, பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். 5.9 வந்தது. இருக்க வேண்டியது ஐந்துக்குள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், இளநீரையும் பழச்சாறையும் நிறுத்தினார்கள். ட்ரிப்ஸும் நின்றது.

அப்படிப்பட்ட நோயாளிக்கு அன்றைக்கு எவ்வளவு நீர் தரலாம் என்பதற்கு ஒரு எளிய விதி உண்டு. முந்தைய நாள் வெளியே வந்தது எவ்வளவோ, அதோடு ஒரு 500. இவருக்கு 1,300 வரும். ஏற்கெனவே கூடுதலாக இருந்ததால் டாக்டர் அதையும் ஒரு லிட்டராகக் குறைத்தார். ஆன்டிபயாடிக்கின் நீரும் மாத்திரை விழுங்குகிற தண்ணீரும் அதற்குள் அடக்கம். வார்டு சிஸ்டர் ஒரு தண்ணீர் பாட்டிலில் ஒரு நாளுக்கான அளவை ஊற்றி அவர் மனைவியிடம் கொடுத்து, "இதுல இருந்துதான் எல்லாம். தீந்துட்டா நாளைக்குத்தான்" என்றார். அதற்குப் பிறகு அந்த அம்மாள் வைத்த கணக்கு மாணவிகளின் கணக்கைவிடத் துல்லியமாக இருந்தது. ஒரு வாய் கொப்பளித்துத் துப்பியதைக்கூட வந்து சொன்னார்.

ஐந்தாம் நாள் காட்சி தலைகீழாக மாறியது. சிறுநீர் ஒரே நாளில் மூன்று லிட்டர் போனது. தேறி வருகிற சிறுநீரகம் நீரையும் உப்பையும் பிடித்து வைக்கத் தெரியாமல் வெளியே விடுகிற கட்டம் அது. வார்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி, வார்டு சிஸ்டருக்கு மட்டும் இல்லை. இப்போது இழப்பதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் மறுபடியும் வந்த நாளுக்கே போய்விடுவார் என்றார். கட்டுப்பாடு தளர்ந்தது. குடிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு காலையும் எடையைப் பார்த்து அளவை மாற்றினார்கள். 54 கிலோ சொச்சத்தில் வீட்டுக்குப் போனார்.

இழப்பு தொடர்கிறதா என்று விடாமல் பார்க்காததால் வந்த விபரீதம் ட்ரிப்ஸ் வரலாற்றின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்தின் லீத் நகரில் 1832இல் காலரா பரவியபோது தாமஸ் லாட்டா என்ற மருத்துவர், சாகக் கிடந்த வயதான பெண்ணொருத்தியின் ரத்தக் குழாயில் உப்பு நீரைச் செலுத்தினார். ஆறு பைண்ட், நம் கணக்கில் ஏறக்குறைய ஏழு பாட்டில். நாடியே இல்லாதவள் கண் திறந்து பேசினாள். இனிப் பயமில்லை என்று வேறொரு மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் கிளம்பினார். வாந்தியும் பேதியும் திரும்பின. யாரும் மீண்டும் நீர் ஏற்றவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் அவள் இறந்துபோனாள். உள்ளே விட்ட கணக்கு பிரமாதம், வெளியே போன கணக்கைத்தான் யாரும் தொடரவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்கள் பாடம் படித்தார்கள். டாக்காவின் காலரா ஆஸ்பத்திரியில் கட்டிலின் நடுவிலேயே ஓட்டை போட்டு, அடியில் அளவுக் கோடுள்ள வாளியை வைத்திருப்பார்கள். போவதெல்லாம் வாளியில் விழும், கோட்டைப் பார்த்து அதே அளவு நீர் தருவார்கள். 1971இல் வங்க அகதிகள் முகாமில் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொல்லி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார். கணக்கைக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கலாம் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கரையில் கூடிய முகாம்களிலும் காலரா வந்துபோனது உண்டு. அங்கே வாளியும் இல்லை, கோடும் இல்லை.

இப்போது வார்டுகள் மாறிவிட்டன. மணிக்கு மணி அளக்கத் தனி அறை வைத்த யூரோமீட்டர் இருக்கிறது, சொட்டு எண்ண வேண்டாத பம்ப் இருக்கிறது. சில இடங்களில் கம்ப்யூட்டரே கூட்டிவிடுகிறது. கூட்டலில் பிழை வருவது குறைந்திருக்கிறது. கட்டிலுக்கு அடியில் இருக்கும் இளநீர்க் கூட்டைக் கம்ப்யூட்டர் குனிந்து பார்ப்பதில்லை. தினமும் எடை பார்க்கச் சொல்லி எழுதிய ஆர்டர்தான் வார்டில் அதிகம் விட்டுப்போகிற ஆர்டர் என்று ஓய்வு பெற்ற அந்த நர்ஸ் சொல்வார். மெஷின் வராந்தாவின் அந்தக் கோடியில் இருக்கும், நோயாளியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போக ஆள் இருக்காது, நேற்றைய எடையே இன்றைக்கும் ஏறிவிடும்.

பஸ் போகிற வழியில் உப்பு அம்பாரங்களைப் பார்க்கிறார். முன்பு பனையோலை வேய்ந்திருக்கும், இப்போது பலவற்றில் தார்ப்பாய். வேலை செய்கிற பெண்கள் தலையில் துண்டைச் சுற்றி, கையில் பிளாஸ்டிக் பாட்டில் வைத்திருக்கிறார்கள். பாட்டிலில் பாதி அப்படியே இருக்கும். ஒதுங்க மறைவிடம் இல்லாத பொட்டல் வெளியில் தண்ணீர் குடிக்கவே பெண்கள் தயங்குகிறார்கள். வெயிலும் தாகமும் சேர்ந்து உப்பளத் தொழிலாளர்களின் சிறுநீரகத்தை என்ன செய்கின்றன என்று சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஜன்னலோரக் கட்டில்காரரின் சிறுநீரகம் இரண்டு நாள் பேதியில் மட்டும் அடி வாங்கியிருக்காது என்று அவர் இப்போது நினைக்கிறார். பல கோடைகளின் பாக்கி அதில் சேர்ந்திருக்கும்.

சொந்தக்காரர் யாருக்காவது ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கப் போகிறவர்களிடம் அவர் கேட்டுக்கொள்வது மூன்று காரியங்கள். என்ன குடிக்கக் கொடுத்தாலும், இளநீரோ பாதி டம்ளர் காபியோ, நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். சிறுநீரையோ வாந்தியையோ சுத்தம் என்று நினைத்து உடனே கொட்டிவிடாமல் அளந்த பிறகு கொட்டுங்கள். காலையில் எடை பார்க்கவில்லையென்றால் ஏன் பார்க்கவில்லை என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் எந்த நர்ஸும் கோபித்துக்கொள்ள மாட்டார், அப்படியே கோபித்தாலும் பரவாயில்லை, கேளுங்கள்.